அஞ்சு ஸ்டாரும் ஒரு ‘ஹீ’யும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு இது. எழுதினா என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுமேன்னுதான் தள்ளிப் போட்டேன். போன ஞாயித்துக்கிழமை சித்தப்பாவே "அந்த நேவி ப்ளூ கதைய எழுதலையா கண்ணு?"ன்னு கேட்டுட்டார். இனிமே தப்பிக்க வழியில்லை :-)

சித்தப்பாவைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். திருப்பூர்ல பன்னெண்டு மிஷின் போட்டு ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்தறார். ரொம்ப வருஷம் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் பண்ணிட்டிருந்தவர். துணி அவங்களோடது, தையல் மட்டும் நம்மளோடது, பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. 2023-ல "நாமளே துணி வாங்கி, நாமளே தெச்சு, செல்போன்லயே வித்துப் பார்த்தா என்ன?"ன்னு ஒரு ஷாப்பிங் ஆப்ல கடை போட்டார். ஆரம்பிச்சது ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில். ஆர்டர் பாதிக்கு மேல வடக்க இருந்து வந்துச்சு. அதோட கூடவே ரிவ்யூவும் வந்துச்சு.

சித்தப்பா எட்டாவது வரைக்கும் படிச்சவர். தமிழ் பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வரி விடாம படிப்பார். ஆனா வர்ற ரிவ்யூ எல்லாம் இங்கிலீஷ், இல்லைன்னா இங்கிலீஷ் எழுத்துல எழுதின ஹிந்தி. அதனால ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவார். "ஸ்டாரை நான் எண்ணிக்கிறேன் சாமி, எழுத்தை மட்டும் நீ சொல்லு போதும்." இதுதான் எங்களுக்குள்ள ஒப்பந்தம்.

நமக்கு ஹிந்தி எப்படின்னு கேட்டீங்கன்னா, புனேல ரெண்டு வருஷம் புராஜெக்ட்ல இருந்தப்போ கேன்டீன்லயும் ஆட்டோலயும் கத்துக்கிட்ட ஹிந்தி. சாப்பாடு வாங்கலாம், வாடகை பேரம் பேசலாம். இந்த அளவு ஹிந்திய வெச்சுக்கிட்டு ஒருத்தர் மனசுல இருக்கறதை எடுத்துச் சொல்லிடலாம்னு நம்பினதுதான் நான் பண்ணின முதல் தப்பு.

ஆரம்பத்துல என் மொழிபெயர்ப்பு எப்படி இருக்கும்னா, மீட்டிங்ல உக்காந்துக்கிட்டே மேசைக்கு அடியில டைப் பண்ணுவேன். "துணி நல்லாருக்காம்." "கலர் சூப்பராம்." "லேட்டா வந்துச்சாம்." ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்கு பத்து செகண்ட். அவரும் "சரி சாமி"ம்பார். அந்த வரிகளை நம்பி அங்க ஒருத்தர் துணி வாங்கறார்ங்கறது என் மண்டைல ஏறவே இல்லை.

இப்ப மேட்டருக்கு வர்றேன்.

நேவி ப்ளூ ரவுண்ட் நெக், பில்லுல 180 ஜி.எஸ்.எம்.னு போட்டிருந்த துணி. (ஜி.எஸ்.எம்.னா ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல.) முதல் லாட் 300 பீஸ். நல்லா போச்சு. ரெண்டாவது வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு. அஞ்சு ஸ்டார். கீழ ஒரு கும்பிடு பொம்மை. ரிவ்யூ இதுதான், தமிழ் எழுத்துலயே தர்றேன்:

"வாஹ்! ஏக் துலாயீ மே ஹீ சோட்டே பாயீ கோ ஃபிட் ஆ கயீ. தன்யவாத்."

நான் சித்தப்பாவுக்கு அனுப்பினது: "சூப்பர்ங்கறாங்க சித்தப்பா. துவைச்சதுக்கு அப்புறம் தம்பிக்கும் ஃபிட்டா இருக்காம். நன்றி சொல்லியிருக்காங்க."

ஹிந்தி தெரிஞ்சவங்க இந்நேரம் தலையில அடிச்சிருப்பீங்க.

அஞ்சு ஸ்டார், கும்பிடு, நன்றி, எல்லாம் சேர்ந்து சித்தப்பாவுக்கு தெம்பு வந்துடுச்சு. அதே துணி, அதே கலர், 240 கிலோ எடுத்தார். கிலோவுக்கு அஞ்சு பீஸ் கணக்குல 1,200 பீஸ். கட்டிங் ஆரம்பிச்சாச்சு.

அதுக்கப்புறம்தான் முதல் லாட்டோட ரிட்டர்ன் ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது. கூடவே ரெண்டு ஸ்டார், ஒரு ஸ்டார் ரிவ்யூ. அதுல மூணு நாலு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தாங்க: "தோனே கே பாத் சைஸ் சோட்டா ஹோ கயா." துவைச்ச பிறகு சைஸ் சின்னதாயிடுச்சு. நான் அன்னிக்கு ரிலீஸ் வேலைல இருந்தேன். அஞ்சு ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து ஒரே வரியில சுருக்கி அனுப்பினேன்: "சைஸ் சின்னதா வருதுன்னு சொல்றாங்க சித்தப்பா."

‘துவைச்ச பிறகு’ எங்க போச்சு? என் அவசரத்துல போச்சு.

சைஸ் சின்னதா வருதுன்னா பனியன் கம்பெனில முதல்ல யாரைப் பிடிப்பாங்க? கட்டிங் மாஸ்டரை. இருபது வருஷமா சித்தப்பாகிட்ட இருக்கற மனுஷன். எல்லார் முன்னாலயும் "அளவு பார்த்து வெட்டறீங்களா, இல்ல கண்ணை மூடிட்டு வெட்டறீங்களா?"ன்னு சித்தப்பா கேட்டுட்டார். மாஸ்டர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. அளவுகோலை டேபிள் மேல வெச்சுட்டு சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டார். மூணு நாள் வேலைக்கு வரலை.

அந்த மூணாவது நாள் நான் ஊருக்கு வந்திருந்தேன். சாயங்காலம் டீ நேரம். ஓவர்லாக் மிஷின்ல உக்கார்ற பீகார் பையன் ஒருத்தன், இருபத்திரண்டு இருபத்திமூணு வயசு இருக்கும், சித்தப்பா போன்ல அந்த அஞ்சு ஸ்டார் ஸ்கிரீன்ஷாட்டை எட்டிப் பார்த்தான். சித்தப்பா அதை நல்ல ரிவ்யூன்னு பத்திரமா வெச்சிருந்தார். பையன் படிச்சான், சிரிச்சான். சிரிச்சது தப்போன்னு உடனே வாயை மூடிக்கிட்டான்.

"ஏன்டா சிரிக்கற?"

"அண்ணா... இவன் நல்லது சொல்லலை அண்ணா. கிண்டல் பண்றான். ஒரே வாஷ், சட்டை சின்னதாச்சு, தம்பி போடற மாதிரி ஆச்சு. தேங்க்ஸ்னு சொல்றான்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலிச்சுது.

பையன் எனக்கு விளக்கினான். "பையா, ‘துலாயீ மே’ இல்லை, ‘துலாயீ மே ஹீ’." அந்த ‘ஹீ’தான் எல்லாம். தமிழ்ல நாம ‘துவைப்புல’ன்னு சொல்றதுக்கும் ‘துவைப்புலயே’ன்னு சொல்றதுக்கும் என்ன வித்தியாசமோ அதே வித்தியாசம். "ஒரு துவைப்புல தம்பிக்கு சரியாயிடுச்சு"ன்னா தகவல். "ஒரே துவைப்புலயே தம்பி சைஸுக்கு வந்துடுச்சு, ரொம்ப நன்றிங்க"ன்னா திட்டு. நம்ம ஊர்ல எந்தப் பாட்டிகிட்ட இதைச் சொன்னாலும் புரிஞ்சிருக்கும். நான் அந்த ஒரு எழுத்தை விழுங்கிட்டு, ஃபிட், நன்றி, அஞ்சு ஸ்டார்னு மத்ததை மட்டும் பொறுக்கியிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரியே துணியைச் சோதிச்சோம். இது யார் வேணாலும் வீட்லயே பண்ணலாம், அதனால விவரமா சொல்றேன். லாட்ல இருந்து அரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கணும். நடுவுல நீளவாக்கில் 35 சென்டிமீட்டர், அகலவாக்கில் 35 சென்டிமீட்டர், அழியாத பேனாவால குறி வைக்கணும். வீட்டு வாஷிங் மிஷின்ல துவைச்சு, இழுக்காம தட்டையாப் போட்டுக் காயவெச்சு, மறுபடி அளக்கணும். எங்களுக்கு அகலம் 34 வந்துச்சு. நீளம் 32.2 வந்துச்சு. அதாவது நீளத்துல 8 சதவீதம் சுருக்கம். 5 சதவீதத்துக்குள்ள இருந்தா பொதுவா சமாளிச்சுக்கலாம். 8 சதவீதம்னா 28 இஞ்ச் நீளமுள்ள எம் சைஸ் சட்டை 25¾ இஞ்ச் ஆயிடும். எங்க அளவுல எஸ் சைஸே 27 இஞ்ச். அந்த ரிவ்யூக்காரர் தம்பின்னு சொன்னது கணக்குப்படியே சரி.

அப்புறம் ஜி.எஸ்.எம். கட்டர் எடுத்து வட்டமா ஒரு துண்டு வெட்டி எடை போட்டோம். அந்த வட்டம் சரியா 100 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அதனால கிராம்ல வர்ற எடையை 100-ஆல பெருக்கினா ஜி.எஸ்.எம். வந்துடும். 1.66 கிராம், அதாவது 166. பில்லுல 180. துவைச்ச துண்டுல அதே வட்டம் வெட்டினா 185 வந்துச்சு. ஆக துணிக்குள்ள நூல் எல்லாம் இருக்கு, ஆனா இழுத்து வெச்சிருக்கு. தண்ணி பட்டதும் தன் நிலைக்கு வந்துடுச்சு.

யார் இழுத்தது? சாயம் போடும்போதும் பிழியும்போதும் பனியன் துணி ஈரத்தோட நீளவாக்கில் இழுபடறது சகஜம். அதைச் சரிபண்ணத்தான் கடைசியில காம்பேக்டிங். நீராவி காட்டி, துணியை உள்ள கொஞ்சம் கூடுதலா தள்ளி, வெளிய மெதுவா எடுப்பாங்க. நீண்டுபோன கண்ணி எல்லாம் மறுபடி நெருங்கி உக்காரும். நெருங்கினா துணி நீளம் குறையும், எடை கூடும். துணி வாங்கறது கிலோ கணக்குல. எடை கூடினா கிலோவுக்கு பீஸ் குறையும். 166-ல 100 கிலோவுக்கு 500 பீஸ் வர்ற இடத்துல, 180-க்கு அமுக்கினா சுமார் 460 பீஸ்தான் வரும். நாப்பது பீஸ் நஷ்டம் மாதிரி தெரியும்.

நான் காம்பேக்டிங் பண்ணினவங்க மேலதான் தப்புன்னு பொங்கிட்டிருந்தேன். சித்தப்பா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "நாந்தான் கண்ணு சொன்னேன், ரொம்ப அமுக்கிப் போடாதீங்க, பீஸ் குறையுதுன்னு"ன்னார்.

அடுத்த நாள் காலைல சித்தப்பாவும் நானும் மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். சித்தப்பா வாசல்லயே நின்னு, "மாஸ்டர், தப்பு உங்க கத்திரில இல்லீங்க, எங்கிட்டத்தானுங்க"ன்னார். மாஸ்டர் "வாங்க, காப்பி சாப்பிடுங்க"ன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் காப்பி தொண்டைல இறங்கலை. அவர் மூணு நாள் வீட்ல உக்காந்ததுக்கு பாதிக் காரணம் நான் விட்டுட்ட ‘துவைச்ச பிறகு’ங்கற ரெண்டு வார்த்தை. அது இருந்திருந்தா சித்தப்பா மாஸ்டர்கிட்ட போயிருக்கவே மாட்டார், துணிகிட்ட போயிருப்பார். வெட்டின அளவு தப்புன்னா துவைக்கறதுக்கு முன்னாடியே சின்னதா இருக்கும், இல்லீங்களா?

வெட்டாம மிச்சமிருந்த 100 கிலோவை மறுபடி காம்பேக்டிங் அனுப்பினோம். தெச்சு முடிச்சிருந்த 700 பீஸ் காதர்பேட்டைக்கு அடக்க விலைக்கும் கீழ போச்சு.

இதுக்கப்புறம் நான் மாறின விதம் இன்னொரு கூத்து. எதைப் பார்த்தாலும் சந்தேகம். ஒரு அஞ்சு ஸ்டார் ரிவ்யூ வந்துச்சு: "பாபா நே பெஹ்னா தோ உதார்னே கா நாம் நஹீ லே ரஹே." அப்பா போட்டவர் கழட்டற பேரையே எடுக்க மாட்டேங்கறார். நான் உடனே, ‘ஆஹா, சுருங்கி உடம்போட ஒட்டிக்கிச்சு, கழட்ட முடியலைன்னு கிண்டல் பண்றாங்க’ன்னு முடிவு பண்ணி, சித்தப்பாவை ராத்திரி பத்து மணிக்கு எழுப்பிட்டேன். பீகார் பையன்கிட்ட கேட்டா, "இல்லை பையா, இது நிஜமா சந்தோஷம்"ங்கறான். கழட்ட மனசில்லாம போட்டுக்கிட்டே இருக்கார்ங்கறதுக்கு அங்க அப்படித்தான் சொல்வாங்களாம். கீழ இழுத்துப் பார்த்தா போட்டோ வேற இருக்கு, ஒரு பெரியவர் நம்ம டி-ஷர்ட்டைப் போட்டுக்கிட்டு வாயெல்லாம் பல்லா நிக்கறார். சித்தப்பா அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ல அந்தப் போட்டோ வெட்டுப்பட்டுப் போயிருந்துச்சு.

இந்த ரெண்டு ரிவ்யூவையும் பக்கத்துல வெச்சு யோசிச்சப்போ ஒண்ணு பிடிபட்டுச்சு. ரெண்டும் அஞ்சு ஸ்டார், ரெண்டும் குடும்பத்துல ஒருத்தரைச் சொல்லுது, ரெண்டும் மிகைப்படுத்துது. வித்தியாசம் எங்கன்னா, முதல் ரிவ்யூல பாராட்டுக்கு நடுவுல ஒரு குறை உக்காந்திருக்கு: எம் சைஸ் வாங்கினவரோட சட்டை தம்பிக்குப் போயிடுச்சு. ரெண்டாவதுல குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லை. கிண்டல் பண்றவர் சும்மா பாராட்ட மாட்டார். நடந்த ஒரு கெட்டதைச் சொல்லி, அதுக்குப் பாராட்டுவார். "பொச்சா லகானே கே லியே பெஸ்ட் கப்டா"ன்னு இன்னொருத்தர் எழுதியிருந்தார். வீடு துடைக்க அருமையான துணி! சொல்லுக்குச் சொல் பெயர்த்தா நல்லா தண்ணி உறிஞ்சுதுன்னு பாராட்டற மாதிரி இருக்கும். டி-ஷர்ட்டை யாரும் வீடு துடைக்க வாங்கறதில்லைங்கறது தெரிஞ்சாத்தான் அது அடி.

இப்படிக் கிண்டலை அஞ்சு ஸ்டாரோட கொடுக்கறது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமேசான்ல இருந்து கிண்டல் ரிவ்யூக்களைத் திரட்டி 2012-ல எலினா ஃபிலாடோவான்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை போட்டிருக்கார். கிண்டல்னு முடிவு பண்ணின 437 ரிவ்யூல 262 ஒரு ஸ்டார். ஆனா 114 அஞ்சு ஸ்டார்! அதாவது நாலுல ஒண்ணுக்கு மேல. சித்தப்பா மாதிரி ஸ்டாரை மட்டும் எண்ணிக்கிட்டிருந்தா அந்த 114-ம் பாராட்டுக் கணக்குல போயிடும்.

டி-ஷர்ட் உலகத்துலயே பெரிய உதாரணம் ஒண்ணு இருக்கு. மூணு ஓநாய் நிலாவைப் பார்த்து ஊளையிடற படம் போட்ட ஒரு டி-ஷர்ட். அமெரிக்கால நியூ ஹாம்ப்ஷயர் கம்பெனி ஒண்ணோட சரக்கு. 2008 நவம்பர்ல ஒரு சட்டக் கல்லூரி மாணவர், அதைப் போட்டதும் பொண்ணுங்க எல்லாம் தேடி வர்றாங்கன்னு அமேசான்ல அஞ்சு ஸ்டார் போட்டு ஒரு நக்கல் ரிவ்யூ எழுதினார். 2009-ல அது பரவி, ஆளாளுக்கு அதே பாணியில எழுதி, அந்த டி-ஷர்ட் அமேசான்ல துணிமணி விற்பனையில முதலிடத்துக்குப் போயிடுச்சு. இதைச் சித்தப்பாகிட்ட சொன்னேன். "நம்மளையும் அந்த மாதிரி யாராச்சும் நக்கல் பண்ணக் கூடாதா கண்ணு?"ன்னார் :-) ஆனா அங்க நக்கல் படத்தைப் பத்தினது, துணியைப் பத்தினது இல்லை. சுருங்கற சட்டையை நக்கல் பண்ணினா விக்காது, ரிட்டர்ன்தான் வரும்.

சரி, ஸ்டாருக்கு வேற என்ன சிக்கல்? அது எப்ப கொடுத்த ஸ்டார்ங்கறதுதான் முக்கியம். பார்சல் கைக்கு வந்ததுமே ஆப் "எப்படி இருந்துச்சு?"ன்னு கேக்குது. ஜனங்க பாலிபேக்கைப் பிரிச்ச சந்தோஷத்துலயே அழுத்திடறாங்க. எங்க முதல் லாட்டுக்கு முதல் பத்து நாள்ல வந்தது அத்தனையும் துவைக்காத சட்டைக்கு வந்த ஸ்டார். கலர், தையல், பேக்கிங், இதுக்கு அது சாட்சி. சுருக்கத்துக்கும் சாயம் போறதுக்கும் அது சாட்சியே இல்லை. அதனால இப்பல்லாம் வாங்கின தேதிக்கும் ரிவ்யூ தேதிக்கும் எத்தனை நாள்னு முதல்ல பார்க்கறேன். அதே மாதிரி, "கப்டா மஸ்த் ஹை, டெலிவரிவாலா பத்தமீஸ்"னு ஒரு ஸ்டார் வந்தா, அந்த ஸ்டார் சட்டைக்கு இல்லை, கொண்டு வந்து கொடுத்தவருக்கு. சட்டை பாஸ்.

கிண்டலைக் கூட கண்டுபிடிச்சுடலாம் போல. எனக்கு இன்னிக்கு வரைக்கும் தண்ணி காட்டறது அரைகுறைப் பாராட்டுதான். "கப்டா அச்சா ஹை"ன்னா துணி நல்லாருக்கு. "கப்டா அச்சா தோ ஹை"ன்னா? அகராதில பார்த்தா அதே அர்த்தம். ஆனா அந்த ‘தோ’ சும்மா இல்லை. நம்ம ‘தான்’ மாதிரி. பொண்ணு பார்த்துட்டு வந்து "பொண்ணு நல்லா இருக்கு"ன்னு சொன்னா நிச்சயம் பண்ணலாம். "பொண்ணு நல்லாத்தானுங்க இருக்குது..."ன்னு இழுத்தா, வீட்ல எல்லாரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பாங்க. அந்த ரிவ்யூக்காரர் அடுத்த வார்த்தையை எழுதலை, அவ்வளவுதான். நான் ‘நல்லாருக்கு’ன்னு பெயர்த்தா, அவர் சொல்லாம விட்ட குறையை நானும் சேர்ந்து மறைச்ச மாதிரி ஆயிடும். அதனால ‘துணி நல்லாத்தான் இருக்கு’ன்னே எழுதறேன். சித்தப்பாவுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. "என்னமோ ஒண்ணு உறுத்துது அவருக்கு"ம்பார்.

"தாம் கே ஹிசாப் சே டீக் ஹை"ன்னு வர்றதும் இந்த ரகம்தான். கொடுத்த காசுக்குப் பரவாயில்லை. இது பாராட்டா, குறையா? ரெண்டும் இல்லை, ஒரு எச்சரிக்கை. விலையை இருபது ரூபா ஏத்தினா இவர் திரும்ப வர மாட்டார்னு அர்த்தம். இதை ‘நல்லாருக்காம்’னு சுருக்கினதாலதான் நடுவுல ஒரு தடவை சித்தப்பா தைரியமா விலையை ஏத்தப் பார்த்தார். நல்லவேளை, அதுக்குள்ள எனக்குப் புத்தி வந்திருந்துச்சு. இதே வாசனை அடிச்சாலும் "பைசா வசூல்"ங்கறது வேற. அது மனசார வர்ற பாராட்டு, போட்ட காசு வந்துடுச்சுன்னு.

இப்ப நான் எப்படிப் பண்றேன்னா, ஸ்கிரீன்ஷாட் முழுசா இருந்தாத்தான் தொடறேன். ஸ்டார், தேதி, வாங்கின சைஸ், போட்டோ, நாலும் தெரியணும். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் நாலு வரி எழுதறேன். முதல் வரி, அவர் சொன்னது அப்படியே, ‘ஏ’, ‘தான்’ ஒண்ணு விடாம. ரெண்டாவது, எதைப் பத்திச் சொல்றார்: துணியா, தையலா, சைஸா, டெலிவரியா. மூணாவது, துவைக்கறதுக்கு முன்னயா பின்னயா. நாலாவதுதான் என் அபிப்பிராயம்: நிஜம், கிண்டல், இல்லைன்னா சந்தேகம். முதல் மூணையும் நாலாவதோட கலக்கறதே இல்லை. நான் தப்பாப் புரிஞ்சிருந்தாலும் முதல் வரியைப் படிச்சு சித்தப்பாவோ பீகார் பையனோ பிடிச்சுடலாம். அந்த ‘தம்பி’ ரிவ்யூவை இப்படி எழுதியிருந்தா, "ஒரே துவைப்புலயே தம்பிக்கு ஃபிட் ஆயிடுச்சு, சைஸ், துவைச்ச பின்னாடி"ன்னு முதல் மூணு வரியிலயே கதை முடிஞ்சிருக்கும். நாலாவதுல நான் ‘நிஜமான பாராட்டு’ன்னு உளறியிருந்தாலும் சித்தப்பா துணியை ஒரு தடவை தண்ணியில போட்டுப் பார்த்திருப்பார்.

‘சந்தேகம்’னு எழுத ஆரம்பத்துல கூச்சமா இருந்துச்சு. இன்ஜினியரிங் படிச்சவன், இவ்வளவு கூடத் தெரியலையான்னு நினைப்பாரோன்னு. இப்ப இல்லை. எழுதினவர் முகமும் குரலும் இல்லாம, ஒரு வரியை வெச்சுக்கிட்டு, கும்பிடு பொம்மை நன்றியா, "ஆளை விடுங்கடா சாமி"யான்னு சில சமயம் கண்டுபிடிக்கவே முடியாது. சந்தேகம்னு போட்டதை ஒரு ஓரமா வெச்சுடறோம். அதே விஷயத்தை இன்னொருத்தரும் சொன்னா, குடோன்ல அந்த லாட்டோட பீஸ் ஒண்ணை எடுத்துத் துவைச்சு அளந்து பார்த்துடறோம். டேப் கிண்டல் பண்ணாது.

போன வாரம் கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் வாங்கியிருந்தார். நாலு ஸ்டார். அபூர்வமா தமிழ்லயே எழுதியிருந்தார்: "நல்லாத்தான் இருக்குதுங்க." சித்தப்பா அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிட்டார், பழக்கதோஷம். நான் பதில் டைப் பண்றதுக்குள்ள அடுத்த மெசேஜ் வந்துடுச்சு:

"இது எனக்கே புரிஞ்சுது சாமி. கழுத்து ரிப் கொஞ்சம் லூஸா விட்டுட்டோம் அந்த லாட்ல. மாஸ்டரும் அதைத்தான் சொன்னாரு."